வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது... விழுந்தவருக்கு இல்லை!

பெரம்பலூர் துறைமங்கலத்தில் அந்த மாடி வீட்டைக் கட்டி முடித்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, வெளிச்சுவருக்கு பெயின்ட் அடித்துவிடலாம் என்று முடிவு செய்தார் ஓய்வுபெற்ற அந்தக் கணக்கு வாத்தியார். 2023 மே மாதம். கத்தரி வெயில்.

ஒப்பந்தமாகக் கொடுத்தால் மேஸ்திரி லாபம் வைப்பார் என்று, தெரிந்த பெயின்டர் ஒருவரையும் அவருக்கு உதவியாக ஒரு பையனையும் நாள் கூலிக்குப் பேசினார். பெயின்டருக்கு 800 ரூபாய். பெயின்ட், பிரஷ், ஏணி, சாரம் கட்டச் சவுக்குக் கம்பு என எல்லாவற்றையும் அவரே வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் கொடுத்தார். காலையும் மாலையும் வீட்டிலிருந்தே டீ.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. மாடி ஜன்னலுக்கு மேல் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தார் பெயின்டர். சாரத்தில் ஒரு கயிறு நழுவியது. கம்பு ஒருபக்கம் சாய, சுமார் 14 அடி உயரத்திலிருந்து அவர் சிமென்ட் தரையில் விழுந்தார். சமையலறையில் இருந்த வாத்தியாரின் மனைவிக்கு முதலில் கேட்டது பெயின்ட் வாளி உருண்ட சத்தம்தான்.

பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் முதலுதவி. அங்கிருந்து 108-ல் திருச்சி. இடுப்பு எலும்பிலும் வலது முழங்கையிலும் முறிவு. மருத்துவமனை வராண்டாவில் பெயின்டரின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சார், இனிமே அவரு ஏணி ஏறுவாரா?" என்று கேட்டார். நாற்பது வருடங்கள் கேள்விகளுக்கு விடை சொல்லியே பழகியவரிடம், இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

பீரோவில் இருந்த பாலிசி

அன்றிரவு வீடு திரும்பியவருக்கு ஒரு ஞாபகம் வந்தது. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியில் ஓர் இன்ஷூரன்ஸும் எடுத்திருந்தார். வருடா வருடம் புதுப்பித்தும் வந்தார். "என்னங்க, அதுலேர்ந்து ஏதாவது கெடைக்குமா பாருங்க" என்றார் மனைவி. பீரோவிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

அது 'பாரத் கிருஹ ரக்ஷா'. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரியான விதிகளோடு தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த வீட்டுக் காப்பீடு. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது போன்றவற்றால் கட்டடத்துக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் சேதம் வந்தால் பணம் வரும். அந்த வகையில் நல்ல பாலிசி. ஆனால், அந்த வீட்டில் வைத்து இன்னொரு மனிதருக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதன் அடிப்படைத் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. புயலில் சுவர் விழுந்தால் சுவரைக் கட்டப் பணம் தருவார்கள். அந்தச் சுவருக்கு அடியில் சிக்கியவருக்குத் தரமாட்டார்கள்.

இதுதான் பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத இடம். 'வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்பதும், 'வீட்டுக்காரரின் பொறுப்புக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்பதும் வேறு வேறு.

"யார் தப்புன்னு கேள்வியே வராது சார்!"

மறுநாள் அரியலூரில் வழக்கறிஞராக இருக்கும் தன் பழைய மாணவரைத் தேடிப் போனார். நடந்ததைக் கேட்ட வழக்கறிஞர் முதலில் கேட்டது, "மேஸ்திரிகிட்ட மொத்தமா விட்டீங்களா சார், நீங்களே கூலி குடுத்தீங்களா?" என்றுதான்.

"நானேதான் குடுத்தேன். கயிறு கட்டினது அவருதான்பா. நான் கீழ நின்னு, 'பாத்து, பாத்து'ன்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்."

"யார் தப்புன்னு கேள்வியே வராது சார். வேலை செய்யும்போது, அந்த வேலையால அடிபட்டாரா? அது மட்டும்தான் கேள்வி."

விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்தது 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட மாடி கொண்ட, அல்லது தரையிலிருந்து கூரை உச்சி வரை 12 அடிக்குக் குறையாத கட்டடத்தைக் கட்டுவது, பழுது பார்ப்பது, பராமரிப்பது ஆகிய வேலைகள் அதன் பட்டியலில் உண்டு. 'தொழில், வியாபாரத்துக்காக இல்லாமல் எப்போதாவது வேலைக்குக் கூப்பிடப்பட்டவருக்கு இது பொருந்தாது' என்று முன்பு ஒரு விதிவிலக்கு இருந்தது. 2000-ம் ஆண்டில் வந்த திருத்தம் அந்த விதிவிலக்கை நீக்கிவிட்டது. அதனால், மூன்று நாள் வேலைக்கு ஆள் வைத்தாலும், சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தாலும், கூலி கொடுத்து வேலை வாங்குபவர்மீது முதலாளி என்ற பொறுப்பு விழலாம்.

வேலையை மொத்தமாக மேஸ்திரியிடம் விட்டிருந்தால், மேஸ்திரிதான் முதலாளி என்று வாதாட இடம் இருந்திருக்கும். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு மேலே இருப்பவர் பொறுப்பு என்கிற விதி, அவர் தன் தொழிலுக்காக அந்த வேலையைக் கொடுத்திருந்தால்தான் பொருந்தும். ஆனால், மேஸ்திரியோடு எழுத்தில் ஒன்றும் இல்லாமல், கூலியை வாரா வாரம் வீட்டுக்காரரே கையில் கொடுத்திருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம்.

வாத்தியார் போட்ட கணக்கு

வழக்கறிஞர் சூத்திரத்தைச் சொன்னார். கணக்கை வாத்தியாரே போட்டார்.

பெயின்டரின் கூலி 800 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 20,800. ஆனால், 2020 ஜனவரியிலிருந்து இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000. ஆகவே 15,000. வயது 40. அந்த வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் எண் 184.17. வயது குறையக் குறைய இந்த எண் கூடும்.

முழுமையான நிரந்தர ஊனம் என்றால், சம்பளத்தில் 60 சதவிகிதம், அதாவது 9,000 ரூபாயை 184.17-ஆல் பெருக்க வேண்டும். 16,57,530 ரூபாய். இறந்திருந்தால் 50 சதவிகிதம். 7,500-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 13,81,275 ரூபாய். அந்த வரியை எழுதும்போது வாத்தியாரின் பேனா சற்று நின்றது.

பெயின்டருக்கு வந்தது பகுதி ஊனம். எலும்பு கூடியது. ஆனால், முழங்கை முழுதாக நீளவில்லை, உயரத்தில் ஏறி வேலை செய்ய முடியாது. சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகித இழப்பு என்று மருத்துவர் சான்று கொடுத்தார். 16,57,530-ல் 30 சதவிகிதம் 4,97,259 ரூபாய். இது தவிர, சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவும் தனியாக முதலாளியின் பொறுப்பு. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவிகித வட்டி. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் சேரலாம்.

மகளின் கல்யாணத்துக்கு என்று போட்டிருந்த வைப்புத்தொகை ஆறு லட்சம். இரவு வெகுநேரம் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் மனைவிதான், "மண்டபத்தைச் சின்னதா பாத்துக்கலாம். அந்தப் பிள்ளைங்க மொகம் கண்ணுலயே நிக்குது" என்றார்.

ஊர்ப் பேச்சில் முடித்தால்?

ஊர்ப் பெரியவர்கள் சிலர் "ஒன்றரை லட்சம் கையில கொடுத்து, வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கிக்குங்க வாத்தியாரே" என்று யோசனை சொன்னார்கள். வழக்கறிஞர் வேண்டாம் என்று தடுத்தார்.

உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் காகிதம் இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. பேசி முடித்த உடன்படிக்கையைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை மிகக் குறைவு என்று பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். மரணம் நேர்ந்த வழக்கில் விதி இன்னும் கடுமை. பணத்தை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தினர் கையில் நேராகக் கொடுத்தது, சிறிய முன்பணம் தவிர, இழப்பீடாகக் கணக்கில் வராது. நல்ல மனதோடு ஐந்து லட்சம் கையில் கொடுத்தவர், மறுபடியும் முழுத் தொகையைக் கட்டவேண்டி வரலாம்.

வாத்தியார் திருச்சிக்குப் போய் முறைப்படி பதிவு செய்தே பணத்தைக் கொடுத்தார். பெயின்டர் இப்போது வீட்டு வாசலில் சின்னதாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். வாத்தியார் வாரம் ஒருமுறை அங்கே வெற்றிலை வாங்கப் போகிறார். பெயின்டருக்குக் கோபம் இல்லை. ஆனால், வடபுறச் சுவர் இன்னும் பட்டி தேய்த்த நிலையில் பாதியிலேயே நிற்கிறது. அதில் சாரம் கட்ட வாத்தியாருக்கு மனம் வரவில்லை.

அக்கா வீட்டுச் சுவர்

பின்னர் ஒரு மழைக்காலத்தில் அரியலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, வாத்தியாரின் கண் முதலில் போனது காம்பவுண்டு சுவருக்குத்தான். பள்ளிக்கூடம் போகும் தெருவை ஒட்டிய ஏழடிச் சுவர். தெருப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் கரிசல் மண்ணில் இது அடிக்கடி காணும் காட்சி. மழையில் அந்த மண் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கும் சுவர் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஆடும். வீட்டுக்கு ஆழமாக வானம் தோண்டுகிறவர்கள்கூடச் சுற்றுச்சுவருக்கு இரண்டடியோடு நிறுத்திவிடுவார்கள். உள்பக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்கி, நீர் வடியத் துளையும் விடாவிட்டால், மழையில் ஊறிய மண்ணின் பாரம் முழுவதும் சுவரைத் தெருப்பக்கம் தள்ளும். விரிசலின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட அகலமாக இருந்தாலோ, தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் சாய்வு வருடா வருடம் கூடினாலோ, அது பூச்சு விரிசல் இல்லை. அஸ்திவாரம் நகர்கிறது.

"அக்கா, இது விழுந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"இருபது வருஷமா நிக்குது தம்பி. இப்பவா விழப்போவுது?" என்றார் அக்கா.

மேட்டுப்பாளையம் அருகே நடூரிலும் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. சுமார் 20 அடி உயரம். 2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழையில் அது பக்கத்துக் குடியிருப்பின்மீது சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். வீட்டின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இழப்பீட்டுக்குக் காப்பீடு உதவலாம். குற்ற வழக்கின் தண்டனையை எந்தக் காப்பீடும் ஏற்காது.

தெருவில் போகிறவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் நீண்டகாலமாகவே கண்டிப்பானவை. டெல்லி சாந்தினி சௌக்கில் 1951-ல் ஒரு மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். கட்டி 80 வருடங்கள் ஆன கூண்டு. அந்த வகைக் கட்டடத்தின் ஆயுளோ 40, 45 வருடங்கள்தான். 1966-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையை ஒட்டிய கட்டடத்தைப் பழுதில்லாமல் வைப்பது உரிமையாளரின் கடமை என்றது. பழுது கண்ணுக்குத் தெரிந்ததா, மறைந்திருந்ததா என்பது பொருட்டல்ல என்றும் சொன்னது. 'எனக்குத் தெரியாது' என்ற பதில் எடுபடாது. அந்த வழக்கில் உரிமையாளர் மாநகராட்சி. சாலையோர வீட்டுச் சுவர் மழையில் விழுந்து குழந்தைகள் இறந்த ஒரு வழக்கில், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தனியார் வீட்டுக்காரரையும் பொறுப்பாக்கியிருக்கிறது.

வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அளவுகோல் சற்று வேறு. பாசி பிடித்த படியில் உறவினர் வழுக்கி விழுந்தால், வீட்டுக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று அவர் நிரூபிக்க வேண்டும். மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டியைப் பலகை போட்டு மறைத்து வைத்திருந்தால் நிரூபிப்பது சுலபம். எதிர்பாராமல் கால் இடறியிருந்தால் கடினம்.

எதை, எப்போது எடுப்பது?

அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வழக்கறிஞரைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார் வாத்தியார். "இப்ப என்ன பாலிசி எடுக்கணும்? அக்காவுக்கும் கேக்கட்டும்."

விருந்தாளி, வழிப்போக்கர் இருவருக்கும் தேவை மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி' என்ற பெயரில் தரும் தொகுப்பில் இது ஒரு விருப்பப் பிரிவு. வீட்டு வேலையாளுக்கான இழப்பீடும் அதோடு சேர்ந்தே வருவதுண்டு. கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். பாலிசி அட்டவணையில் அந்தப் பிரிவுக்கு நேராகத் தொகை எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே கோடு போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தினருக்கு இது பொருந்தாது. கட்டடத்தில் பெரிய மாற்ற வேலை நடக்கும்போது நேரும் விபத்தையும் பல பாலிசிகள் விலக்கிவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. 1991-ம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. வீட்டுக்காரர் கேட்கவேண்டியது அதை அல்ல.

பெயின்டர், கொத்தனார், எலெக்ட்ரீஷியன் வரும் நாள்களுக்குத் தேவை தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை நாள் என்று சொல்லி, வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்கலாம். பிரீமியத்தைக் குறைக்கக் கூலியையோ ஆள் எண்ணிக்கையையோ குறைத்துச் சொன்னால், விபத்தின்போது அதுவே எதிராக நிற்கும். சிகிச்சைச் செலவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள்களுக்கும் பொருந்த வேண்டுமென்றால் அதையும் எழுதி வாங்க வேண்டும். வேலையை மேஸ்திரியிடம் விடுவதாக இருந்தால், அவரிடம் இந்த பாலிசி இருக்கிறதா என்று கேட்டு, நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

"இன்னொண்ணு சார். 2025 நவம்பர் 21-லேர்ந்து பழைய சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துடுச்சு. 50, 60 சதவிகிதக் கணக்கு அதுலயும் இருக்கு. ஆனா, பாலிசியில இப்போதைய சட்டத்தோட பேரு இருக்கான்னு பாத்து வாங்குங்க."

"ஆள் விழுந்தா முதல்ல என்ன செய்யணும் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கம்மா. அதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம். அன்னிக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லுங்க. ஆனா, அவங்களக் கேக்காம 'இவ்வளவு பணம் தர்றேன்'னு எழுதிக் குடுக்காதீங்க. அப்படிக் குடுத்தா கிளெய்ம் நிக்காமப் போகலாம். கயிறு, ஏணி, விழுந்த இடம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. கூலி குடுத்த கணக்கு நோட்டையும் பத்திரமா வைங்க."

அக்கா அப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் போன் செய்தார். "தம்பி, செவத்த இடிச்சுட்டு நாலடியில கட்டலாம்னு கொத்தனாரக் கூப்பிட்டிருக்கேன்."

"எத்தனை பேரு வர்றாங்க?"

"மூணு பேரு."

"என்னைக்கு?"

"திங்கக்கிழமை."

"புதன்கிழமை வரச் சொல்லுக்கா" என்றார் வாத்தியார். "திங்கள், செவ்வாய்ல பாலிசிய எடுத்துடுவோம்."